வாட்ஸ்அப்பில் வரும் வளைகுடா வேலைச் செய்தியைப் பணமும் பாஸ்போர்ட்டும் கொடுப்பதற்கு முன் சோதிக்கும் முறை

வளைகுடா நாடுகளுக்கு முதன்முறையாக வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கும், அவர்களுக்காக வீட்டில் விசாரித்துக் கொண்டிருப்பவர்களுக்கும் இந்தக் கட்டுரை. என் அக்கா மகன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வெளிநாட்டு வேலை தேடிய காலத்தில், அவனுடைய போனுக்கு வந்த செய்திகளைச் சோதிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. எந்தத் தகவலை எங்கே சரிபார்ப்பது, எந்தக் கட்டணம் சட்டப்படியானது, எந்த ஆவணத்தை எந்தக் கட்டத்தில் கொடுப்பது என்பதெல்லாம் பல இடங்களில் சிதறிக் கிடந்ததால், ஒவ்வொன்றையும் தேடிப்பிடிக்க வெகுநாள் அலைந்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, ஐக்கிய அரபு அமீரக வேலை என்று வந்த ஒரு செய்தியை எடுத்துக்கொண்டு, அதை வரிசையாகச் சோதித்துக் காட்டுகிறேன்.

செய்தி இதுதான்:

"துபாய் ஏர்போர்ட் வேலை. ஸ்டோர் கீப்பர், ஹெல்பர் 60 பேர் உடனடித் தேவை. சம்பளம் 3,200 திர்ஹாம். சாப்பாடு, ரூம் ஃப்ரீ. பத்தாவது போதும். இன்டர்வியூ கிடையாது. பாஸ்போர்ட், ஆதார் இரண்டு பக்கம், போட்டோ இந்த நம்பருக்கு அனுப்பவும். ரெஜிஸ்ட்ரேஷன் 2,500, திருப்பித் தரப்படும். விசா வந்த பிறகு 55,000. இன்றே கடைசி நாள்."

1. செய்தியில் எது இல்லை என்று பாருங்கள்

இப்படிப்பட்ட செய்தியைப் படிக்கும்போது கண் முதலில் சம்பளத்துக்குத்தான் போகும். சம்பளத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அதில் எழுதாமல் விட்டவற்றைத் தேடுங்கள். வேலை கொடுக்கும் நிறுவனத்தின் பெயர் இல்லை. விமான நிலையம் என்பது வேலை செய்யும் இடமே தவிர, சம்பளம் கொடுக்கும் முதலாளி அல்ல. ஆள் எடுக்கும் முகவரின் பெயரும் பதிவு எண்ணும் இல்லை. ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேர வேலை, எந்த வகை விசா என்பவை இல்லை. ஆனால் பணம் எவ்வளவு, எந்த ஆவணம், எந்த எண்ணுக்கு என்ற மூன்றும் துல்லியமாக இருக்கின்றன. உங்களிடமிருந்து போக வேண்டியவை தெளிவாகவும் உங்களுக்கு வர வேண்டியவை மங்கலாகவும் இருக்கும் செய்தி எதுவானாலும், அடுத்த படிகளை முடிக்கும் வரை அதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்.

சம்பளத்தையும் ஒரு முறை உரசிப் பாருங்கள். அமீரகத்தில் ஹெல்பர் வேலைக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது இந்தத் தொகையில் பாதிகூட இராது. உங்கள் ஊரிலேயே அங்கு வேலை பார்த்துத் திரும்பியவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டால் உண்மை நிலவரம் தெரிந்துவிடும்.

"இன்றே கடைசி நாள்" என்பது விசாரிக்க நேரம் கொடுக்காமல் இருப்பதற்கான வரி. முறையான ஆள்சேர்ப்பில் நேர்காணல், ஆஃபர் லெட்டர், மருத்துவப் பரிசோதனை, விசா என்று வாரக்கணக்கில் ஆகும். அறுபது பேருக்கான வேலையில், நீங்கள் இரண்டு நாள் எடுத்து விசாரித்ததால் வாய்ப்பு போய்விடாது.

2. முகவரின் பதிவைச் சரிபாருங்கள்

இந்தியாவிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர், 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளியுறவு அமைச்சகத்தின் கீழுள்ள குடிபெயர்வோர் பாதுகாப்புத் தலைமை அலுவலகத்தில் பதிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. எண், நிறுவனப் பதிவு, சிறுதொழில் சான்று ஆகிய எதுவும் இதற்கு ஈடாகாது. பதிவு எண்ணைக் கேட்டால் ஜி.எஸ்.டி. சான்றிதழைப் படமெடுத்து அனுப்பும் வழக்கம் பரவலாக இருக்கிறது. முத்திரையும் அரசுச் சின்னமும் இருப்பதால் பலர் அதிலேயே திருப்தி அடைந்துவிடுகிறார்கள்.

சரிபார்க்கும் இடம் emigrate.gov.in என்ற தளம். பதிவு பெற்ற முகவர்களின் பட்டியலை மாநில வாரியாக அங்கே பார்க்கலாம். பதிவு நடப்பில் இருக்கிறதா, காலாவதியானதா, ரத்தானதா என்பதும் தெரியும். புகாருக்கு உள்ளான, பதிவில்லாத முகவர்களின் பட்டியலும் அதே தளத்தில் தனியாக இருக்கிறது. இதற்குக் கட்டணம் கிடையாது. கால் மணி நேரத்தில் முடியும்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எண் உண்மையாக இருக்கும்; அனுப்பியவர் பொய்யாக இருப்பார். மேலே சொன்ன செய்தியை அனுப்பியவரிடம் பதிவு எண் கேட்டோம். சிறிது நேரத்தில் ஒரு சான்றிதழின் படம் வந்தது. தளத்தில் தேடினால், அந்த எண் சென்னையிலுள்ள ஒரு முகவர் பெயரில் நடப்பில் இருந்தது. பெரும்பாலானவர்கள் சோதனையை இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். நாங்கள் வாட்ஸ்அப் எண்ணை விட்டுவிட்டு, அரசுத் தளத்தில் அந்த முகவருக்குக் கொடுத்திருந்த தொலைபேசி எண்ணுக்கு அழைத்து, இப்படி ஒரு வேலைக்கு ஆள் எடுக்கிறீர்களா என்று கேட்டோம். "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல சார். எங்க நம்பரப் போட்டு யாரோ வசூல் பண்றாங்க. தயவுசெஞ்சு பணம் எதுவும் கட்டிடாதீங்க" என்றார் போனை எடுத்தவர். ஆகவே, அழைக்க வேண்டிய எண்ணை எப்போதும் அரசுத் தளத்திலிருந்து எடுங்கள். செய்தியில் கொடுத்த எண்ணையோ, சான்றிதழ்ப் படத்தில் அச்சாகியிருக்கும் எண்ணையோ நம்ப வேண்டாம், படத்தைத் திருத்துவது எளிது.

"நான் அந்த கம்பெனியோட சப் ஏஜென்ட்" என்று சொல்பவரிடமும் இதே சோதனைதான். பதிவு பெற்ற முகவர் ஊர் ஊராக ஆள் வைத்துத் தன் பெயரில் வசூலிக்க முடியாது. கிளை திறக்கவே அனுமதி வேண்டும். ஊரில் தெரிந்தவர், உறவுக்காரர் என்றாலும் பணம் அவர் கைக்குப் போனால் அலுவலகத்தில் உங்கள் பெயருக்கு ரசீது இருக்காது. இதைச் சொல்லும்போது வீட்டில் மனத்தாங்கல் வரும் என்பது எனக்குத் தெரியும். "ரசீது மட்டும் ஆபீஸ்லேர்ந்து வாங்கிக்கொடுங்க மாமா" என்று கேட்டுப் பாருங்கள், பதிலிலேயே நிலைமை தெரிந்துவிடும்.

3. கேட்கும் பணத்தைச் சட்டத்தின் கணக்கோடு ஒப்பிடுங்கள்

பதிவு பெற்ற முகவர் ஒருவர் வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் 30,000 ரூபாய். அதற்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் 35,400 ரூபாய் ஆகும். வாங்கிய தொகைக்கு ரசீது கொடுக்க வேண்டும். நம் எடுத்துக்காட்டில் 2,500-ம் 55,000-ம் சேர்ந்து 57,500 ரூபாய் ஆகிறது. உச்ச வரம்பைவிட 22,100 ரூபாய் அதிகம். அனுப்பியவர் பதிவு பெற்றவராகவே இருந்திருந்தாலும் இந்தத் தொகை சட்டமீறல்தான்.

"இது சர்வீஸ் சார்ஜ் இல்லை, விசா காசு" என்ற விளக்கம் அடுத்து வரும். அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஆள்சேர்ப்புச் செலவையும் பணியமர்த்தும் செலவையும் தொழிலாளியிடமிருந்து நேரடியாகவோ மறைமுகமாகவோ முதலாளி வசூலிக்கக் கூடாது. வேலை விசாவுக்கான செலவு முதலாளியுடையது. விசாவை விலைக்கு விற்பவரிடம், அந்த விசா எந்த நிறுவனத்தின் பெயரில் எடுக்கப்படுகிறது என்று கேளுங்கள்.

உங்கள் கையிலிருந்து நியாயமாகப் போகக்கூடிய செலவுகளும் உண்டு. காவல்துறை நற்சான்று கேட்டால் பாஸ்போர்ட் சேவா தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 500 ரூபாய். சவுதி, குவைத் போன்ற நாடுகளுக்கு முன்கூட்டியே மருத்துவப் பரிசோதனை வேண்டும், அதற்கு wafid.com தளத்தில் பதிந்து, பரிசோதனைக் கட்டணத்தை மையத்தில் நீங்களே கட்டலாம். பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீட்டின் பிரீமியம் இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. இவற்றின் பெயரைச் சொல்லி ஒருவர் பத்தாயிரம் பதினைந்தாயிரம் கேட்டால், கட்டும் இடத்தை மட்டும் சொல்லச் சொல்லி, நீங்களே போய்க் கட்டுங்கள்.

தொகை எவ்வளவு என்பதோடு, அது எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். 2,500 ரூபாய் கட்ட எங்களுக்கு வந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தபோது, பணம் அனுப்புவதற்கு முந்தைய திரையில் தெரிந்தது ஒரு தனி மனிதரின் பெயர். சான்றிதழிலிருந்த நிறுவனத்தின் பெயருக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நிறுவனக் கட்டணம் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். திருப்பித் தருகிறோம் என்ற பெயரில் யு.பி.ஐ. கோரிக்கை வந்தால் அதில் பின் எண் இடாதீர்கள். பின் எண் கேட்கிறது என்றால் உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போகப்போகிறது. பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை.

சிறு தொகையாயிற்றே, போனால் போகட்டும் என்று 2,500 கட்டுபவர்கள் அதிகம். கட்டியவருக்கு அடுத்த வாரம் மருத்துவம், அதற்கடுத்து எமிகிரேஷன், பிறகு டிக்கெட் என்று தொகை வளரும். முன்பு கட்டியதை விட மனமில்லாமல் அடுத்ததையும் கட்டுவார்கள். முதல் தொகை சிறிதாக வைக்கப்படுவதே அதற்காகத்தான்.

4. எந்த ஆவணத்தை எப்போது கொடுப்பது

ஆவணம் கேட்பதே மோசடி என்று சொல்ல மாட்டேன். வேலை விசாவுக்குப் பாஸ்போர்ட்டின் நகலும் புகைப்படமும் கல்விச் சான்றும் தேவைதான். எந்தக் கட்டத்தில் கேட்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

முதல் தொடர்பில் சுயவிவரம் போதும். அதில் பெயர், படிப்பு, அனுபவம், போன் எண் இருந்தால் போதுமானது. பாஸ்போர்ட் எண்ணும் பிறந்த தேதியும் வேண்டாம். நேர்காணல் முடிந்து, நிறுவனத்தின் பெயரோடு ஆஃபர் லெட்டர் வந்து, அதைச் சரிபார்த்த பிறகு பாஸ்போர்ட்டின் நகலைக் கொடுங்கள். நகலின் குறுக்கே, யாருக்கு, எதற்காக, எந்தத் தேதியில் கொடுக்கிறீர்கள் என்று பேனாவால் எழுதி, பிறகு ஸ்கேன் செய்து அனுப்புவது நல்லது. எழுத்து முகத்தையும் எண்களையும் மறைக்காமல் இருந்தால் போதும். விசா விண்ணப்பத்துக்குச் சுத்தமான நகல் வேண்டும் என்று பிறகு கேட்டால், அந்தக் கட்டத்தில் அலுவலகத்தில் நேரில் கொடுக்கலாம்.

ஆதார் வெளிநாட்டு முதலாளிக்குத் தேவைப்படும் ஆவணம் அல்ல. உள்ளூர் முகவர் அடையாளத்துக்காகக் கேட்டால், myaadhaar.uidai.gov.in தளத்தில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைப் பதிவிறக்கிக் கொடுங்கள். ஆதார் இரண்டு பக்கம், பான் அட்டை, கையில் அட்டையைப் பிடித்தபடி செல்ஃபி, போனுக்கு வரும் ஓ.டி.பி. என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால், அவை வேலைக்குக் கேட்கப்படுபவை அல்ல. உங்கள் பெயரில் கடன் வாங்கவோ, வங்கிக் கணக்கோ சிம் கார்டோ எடுக்கவோ பயன்படும் தொகுப்பு அது. சம்பளம் போட என்று சொல்லிப் புதிய வங்கிக் கணக்குத் திறக்கவைத்து, பாஸ்புக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் வாங்கிக்கொள்வதும் நடக்கிறது. அந்தக் கணக்கில் வேறொருவரிடம் திருடிய பணம் புரண்டால், காவல்துறை முதலில் வந்து நிற்பது கணக்கு வைத்திருப்பவர் வீட்டில்தான்.

அசல் பாஸ்போர்ட் விஷயத்தில் மிகவும் கறாராக இருங்கள். அமீரக விசா மின்னணு முறையில் வருவது. அதற்காக அசலை ஒருவரிடம் வாரக்கணக்கில் விட்டுவைக்க வேண்டிய தேவை கிடையாது. சவுதி போன்ற நாடுகளின் விசா நடைமுறையில் அசலைச் சமர்ப்பிக்க வேண்டி வரலாம். அப்போது பாஸ்போர்ட் எண், வாங்கிய தேதி, திருப்பித் தரும் தேதி, முகவரின் கையொப்பம், முத்திரை ஆகியவற்றோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அசலைக் கையில் வைத்துக்கொண்டு "ஐயாயிரம் கட்டினால்தான் தருவேன்" என்று மிரட்டுபவர்கள் இருக்கிறார்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதைப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்பவர் மீது காவல் நிலையத்தில் தயங்காமல் புகார் கொடுக்கலாம். அசல் கல்விச் சான்றிதழ், கையொப்பமிட்ட வெற்றுக் காசோலை, வெற்று முத்திரைத்தாள் ஆகியவற்றை எந்தக் கட்டத்திலும் கொடுக்க வேண்டாம்.

5. ஆஃபர் லெட்டரையும் விசாவையும் தனித்தனியாகச் சோதியுங்கள்

நிறுவனத்தின் சின்னம் போட்ட ஒரு தாளை யாரும் அரைமணி நேரத்தில் தயாரித்துவிடலாம். அமீரகத்தில் தனியார் நிறுவனங்கள், மனிதவள அமைச்சகத்தின் முறைப்படியான படிவத்தில்தான் வேலைவாய்ப்புக் கடிதம் கொடுக்க வேண்டும். அதில் அரபியும் ஆங்கிலமும் இருக்கும். மூன்றாவது மொழியாகத் தொழிலாளிக்குப் புரியும் மொழியைச் சேர்க்கலாம், அந்த மொழிகளில் தமிழும் இருக்கிறது. எனவே தமிழிலும் கடிதம் கொடுங்கள் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. கடிதத்தில் அமைச்சகத்தின் பரிவர்த்தனை எண் இருக்கும், அதை mohre.gov.ae தளத்தின் விசாரணைப் பகுதியில் இட்டுப் பார்க்கலாம். அடிப்படைச் சம்பளம், படிகள், வேலை நேரம் ஆகியவை கடிதத்திலும் வாட்ஸ்அப் செய்தியிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள்.

விசா வந்துவிட்டது என்று படம் அனுப்பினால் முதலில் அதன் வகையைப் பாருங்கள். "விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்பது மிகப் பழைய தூண்டில். விசிட் விசாவில் வேலை செய்வது அமீரகத்தில் சட்டவிரோதம். பிடிபட்டால் அபராதமும் நாடு கடத்தலும் தொழிலாளிக்கு வரும். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக இ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவைப்படும் வகையில் இருக்கும், அவர்கள் அமீரகம், சவுதி, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அந்தச் சோதனையைத் தவிர்க்கவே பல முகவர்கள் சுற்றுலா விசாவில் அனுப்புகிறார்கள். விமான நிலையத்தில் "டூரிஸ்ட் என்று சொல்" என்று உங்களுக்குப் பாடம் நடத்தினால், பயணத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

6. பணமே கேட்காத செய்தி

கட்டணம் கேட்காவிட்டால் உண்மையான வேலை என்று முடிவு செய்துவிடக் கூடாது. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங், நல்ல சம்பளம், டிக்கெட் இலவசம் என்று வந்த செய்திகளை நம்பிப் பாங்காக்குக்குப் போன இளைஞர்கள், அங்கிருந்து மியான்மரின் மியாவடி பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டு இணைய மோசடி வேலையில் அடைக்கப்பட்டார்கள். கணினி தெரிந்தவர்களைக் குறிவைக்கும் இந்தக் கும்பல்களைப் பற்றி 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரித்தது. அவ்வாறு சிக்கியவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள்.

இந்த வகைச் செய்தியில் பண எச்சரிக்கை எதுவும் இல்லாததால், வேறு இடங்களில் பாருங்கள். நேர்காணல் என்பது போனில் தட்டச்சு வேகம் கேட்பதோடு முடிந்துவிடும். நிறுவனத்தின் முகவரி ஒரு நாட்டில் இருக்கும், டிக்கெட் இன்னொரு நாட்டுக்கு இருக்கும். விசா, வருகையின்போது கிடைக்கும் சுற்றுலா விசாவாக இருக்கும். இறங்கியதும் யார் வந்து அழைத்துப்போவார்கள் என்பது தெளிவாகச் சொல்லப்படும். அங்கிருந்து எந்த ஊருக்கு என்பது மட்டும் மழுப்பப்படும்.

7. ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால்

பணம் போயிருந்தால் முதல் வேலை 1930 என்ற எண்ணை அழைப்பது. பணம் அடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் முடக்கும் வாய்ப்பு முதல் சில மணி நேரங்களில்தான் அதிகம். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசிப் பார்க்கிறோம் என்று இரண்டு நாள் கடத்தினால் அந்த வாய்ப்பு போய்விடும். அழைக்கும்போது பரிவர்த்தனை எண், தொகை, நேரம், உங்கள் வங்கியின் பெயர் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் cybercrime.gov.in தளத்திலும் புகாரைப் பதியுங்கள்.

ஆதார் நகல் போயிருந்தால் ஆதார் தளத்தில் கைரேகைப் பதிவைப் பூட்டிவையுங்கள். சில வாரங்கள் கழித்து உங்கள் கடன் அறிக்கையை எடுத்து, தெரியாத கடன் ஏதும் முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஓ.டி.பி. சொல்லியிருந்தாலோ, அவர்கள் அனுப்பிய செயலியை நிறுவியிருந்தாலோ, வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள்.

முகவர் மீதான புகாரை emigrate.gov.in தளத்திலும், சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்திலும், உங்கள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலும் கொடுக்கலாம். தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல உதவி எண் 1800 309 3793; வெளிநாடு போய்ச் சிக்கிக்கொண்டவரின் குடும்பத்தினரும் இதில் பேசலாம். அமீரகத்தில் இருப்பவர் இந்தியத் துணைத் தூதரகத்தின் உதவி மையத்தை 800 46342 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம்.

கோபத்தில் அந்த எண்ணைத் தடுத்துவிட்டு உரையாடலை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் அந்த உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து, குரல் பதிவுகளையும் சேர்த்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள். அந்த எண்ணும் தேதியும் தெரியும் ஸ்கிரீன்ஷாட்கள், பணம் போன உங்கள் வங்கிக் கணக்கின் அறிக்கை, அவர்கள் அனுப்பிய சான்றிதழ்ப் படம், பாஸ்போர்ட் கொடுத்திருந்தால் அதன் நகல் ஆகியவற்றை இரண்டு பிரதிகள் எடுத்துக்கொண்டு போங்கள். புகாரை வாங்கிக்கொண்டதற்கான ரசீதையும் எண்ணையும் கேட்டு வாங்காமல் அங்கிருந்து கிளம்ப வேண்டாம்.